டாக்சசோசின் போட்ட இரவில் சில்டெனாஃபிலும் சேர்ந்தபோது

மாலைநடை:
எனக்கு வயது 63. புராஸ்டேட் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து டாக்சசோசின் 4 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக இரவு 9 மணிக்குப் போட்டு வருகிறேன். விறைப்புக்கான சில்டெனாஃபில் 50 மில்லிகிராமை எழுதித் தந்தவர் வேறொரு மருத்துவர். அவரிடம் ‘பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன்’ என்று மட்டும் சொன்னேனே தவிர, அதன் பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து மூன்று நான்கு முறை போட்டபோது இலேசான தலைவலியைத் தவிர வேறு எதுவும் நேராததால், இவை ஒத்துப்போகின்றன என்றே நம்பிவிட்டேன்.

சென்ற மாதம் வெளியூர் சென்றபோது மாத்திரைப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். ஐந்து நாட்கள் டாக்சசோசின் இல்லை. திரும்பி வந்த அன்றிரவு வழக்கம்போல் 9 மணிக்கு 4 மில்லிகிராமும், 10 மணிக்குச் சில்டெனாஃபிலும் போட்டேன். நள்ளிரவில் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்ததால் சட்டென்று எழுந்து போனேன். கழிப்பறையில் நின்றபடி சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் இரைச்சல் கேட்டது, கழுத்தில் வியர்த்தது, விளக்கு மங்குவதுபோல் இருந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டியது வரைதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது கன்னம் ஈரத் தரையில் இருந்தது. நெற்றியில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. முன்பு ஒத்துக்கொண்ட அதே இரண்டு மாத்திரைகள் அன்று மட்டும் ஏன் இப்படிச் செய்தன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வெள்ளைத்தாடி:
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, ஐயா? எனக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க நைட்ரேட் மாத்திரை தந்திருக்கிறார்கள். விறைப்பு மாத்திரையை வாழ்நாளில் தொடவே கூடாது என்று என் இருதய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்களுக்கும் அதே விதிதான்.

பழைய கணக்கு:
தடை என்று சொல்ல முடியாது. என் மருத்துவர் சொன்னது இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும் என்பதுதான். நீங்கள் ஒரு மணி நேரம்தான் விட்டிருக்கிறீர்கள்; தவறு அங்கேதான். எந்த விறைப்பு மாத்திரையானாலும் நான்கு மணி நேரம் கழித்துப் போட்டால் பயமில்லை.

மருந்துப்பெட்டி:
நான் மருந்தாளுநராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். வெள்ளைத்தாடி ஐயா சொல்வது நைட்ரேட்டுக்கு முழு உண்மை. அங்கே எந்த அளவும், எந்த இடைவெளியும் பேரத்துக்கு உரியதல்ல. டாக்சசோசின் போன்ற ஆல்பா பிளாக்கர் மருந்துகளுக்கு இருப்பது அப்படிப்பட்ட தடை அல்ல, நிபந்தனையோடு கூடிய அனுமதி. மாலைநடை அவர்களுக்கு நேர்ந்தது அந்த நிபந்தனை மீறப்பட்டதால்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இரத்தக் குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ளுவதால்தான் நமக்குக் கண் இருட்டுவதில்லை. அந்த இறுக்கத்துக்கு வரும் கட்டளையை ஆல்பா பிளாக்கர் தடுக்கிறது. விறைப்பு மாத்திரையோ வேறொரு வழியாக அதே குழாயைத் தளர்த்துகிறது. ஆல்பா பிளாக்கரைத் தொடர்ந்து போடுகிறவரின் உடல் சில வாரங்களில் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும். நீங்கள் முன்பு தப்பித்தது அந்தப் பழக்கத்தால். ஐந்து நாட்கள் விட்டதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. டாக்சசோசினைப் பல நாட்கள் விட்டவர் மறுபடி 1 மில்லிகிராமில் தொடங்கித்தான் ஏற வேண்டும். நீங்கள் நேரே 4-இல் ஏறினீர்கள். அதன் வேகம் போட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கூடத் தொடங்கும், சில்டெனாஃபிலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆக, 11 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி வரை இரண்டும் கைகோத்திருந்தன. அந்த நேரத்தில் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்ததும், நின்றபடி சிறுநீர் கழித்ததும் மிச்சத்தைச் செய்துவிட்டன.

பழைய கணக்கு அவர்கள் சொன்ன நான்கு மணி நேரம், சில்டெனாஃபிலை 25 மில்லிகிராமுக்கு மேல் போடுகிறவர்களுக்கு முன்பு சொல்லப்பட்ட அறிவுரை. அதை டடாலாஃபில் என்ற இன்னொரு விறைப்பு மாத்திரைக்குப் பொருத்தக் கூடாது. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கும் என்பதால், காலையில் போட்டாலும் இரவு மாத்திரையைச் சந்தித்தே தீரும்.

தென்றல்:
என் கணவருக்கு இரத்த அழுத்தமே கிடையாது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மட்டும்தான். அது பிரஷர் மாத்திரை இல்லை என்பதால் நாங்கள் கவலைப்படாமல் இருந்தோம். தினசரி டடாலாஃபில் 5 மில்லிகிராம் சேர்த்த பிறகு, குனிந்து நிமிரும்போதெல்லாம் கிறுகிறுப்பதாகச் சொல்லத் தொடங்கினார். படுத்திருக்கும்போது எடுத்தால் 126/78; நின்று ஒரு நிமிடத்தில் எடுத்தால் 102/66. உட்கார்ந்து மட்டுமே அளந்துகொண்டிருந்தவரை ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றே நினைத்திருந்தோம்.

மருந்துப்பெட்டி:
நல்ல வேலை செய்தீர்கள், அம்மா. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம். உங்கள் கணவருக்கு 24 இறங்கியிருக்கிறது. டாம்சுலோசினும் ஆல்பா பிளாக்கர்தான். அது புராஸ்டேட் பக்கமே அதிகம் சாய்வதால் டாக்சசோசின், டெராசோசின் அளவுக்கு அழுத்தத்தைக் குறைப்பதில்லை, ஆனாலும் அறவே குறைக்காது என்பதில்லை. அவர் அதை வெறும் வயிற்றிலா போடுகிறார்? உணவுக்குப் பின் அரை மணி நேரத்தில் போட வேண்டிய மருந்து அது. வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் அதன் உச்ச அளவு கூடிவிடும்.

தென்றல்:
ஆமாம், காலையில் பல் துலக்கியதும் போட்டுவிடுவார். இன்னொரு குழப்பமும் உண்டு. டடாலாஃபில் 5 மில்லிகிராமே புராஸ்டேட் தொல்லையையும் குறைக்கும் என்பதால் டாம்சுலோசினை நிறுத்திவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். நேரத்தை மாற்றி இரண்டையும் தொடரலாம் என்கிறார் மற்றவர்.

மருந்துப்பெட்டி:
இருவர் சொல்வதற்கும் நியாயம் உண்டு. புராஸ்டேட்டுக்காகவே இந்த இரண்டையும் சேர்ப்பதைப் பரிந்துரைக்காதவர்களும் இருக்கிறார்கள், கவனத்தோடு சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நின்ற அளவுகளை ஒரு வாரம் எழுதி இருவரிடமும் காட்டுங்கள். ஒரு மருந்தை நிறுத்துவதானாலும் அவர்கள் சொல்லி நிறுத்துங்கள்.

பழைய கணக்கு:
நான் டடாலாஃபில்தான் போடுகிறேன். நான்கு மணி நேரக் கணக்கை இத்தனை நாள் அதற்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லையே என்று வாதாட நினைத்தேன், மாலைநடை அவர்களும் அதைத்தானே நினைத்தார். எனக்குத் தலைசுற்றினால் அந்தக் கணத்தில் என்ன செய்வது?

மருந்துப்பெட்டி:
சமாளித்து நடக்கப் பார்க்காதீர்கள். இருந்த இடத்திலேயே படுத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்துங்கள். நினைவு தப்பினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வாயிலில் நுழையும்போதே விறைப்பு மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் நைட்ரேட்டைத் தந்துவிடுவார்கள். வெள்ளைத்தாடி ஐயாவின் எச்சரிக்கை நமக்குப் பொருந்தும் இடம் அது.

மாலைநடை:
இப்போது கணக்கு புரிகிறது. டாக்சசோசினை 1 மில்லிகிராமில் மறுபடி தொடங்கி 2-க்கு வந்திருக்கிறேன். நேற்று படுத்து 134/82, நின்று 124/78. அளவு ஒரே நிலையில் சில வாரம் நின்ற பிறகு சில்டெனாஃபிலை 25 மில்லிகிராமில் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்; எனக்கு இன்னும் மனம் துணியவில்லை. இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்கார்கிறேன், சிறுநீரும் உட்கார்ந்தே கழிக்கிறேன். வெளியூர்ப் பையில் பத்து மாத்திரைகள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.