பேரேட்டின் அச்சிட்ட கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டபோது அகப்பட்ட எண்கள்

செல்வநாயகி

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பேரேட்டை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் மூலம் எக்செலுக்கு மாற்றும் வேலையை ஆடி மாதத்திலிருந்து செய்து வருகிறேன். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் அடித்த 212 பக்கங்கள், பக்கத்துக்கு 40 வரிகள். ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் எண், பங்குத் தொகை, சேமிப்பு, இவ்விரண்டின் மொத்தம் என்று நான்கு பத்திகள் உள்ளன. பக்கத்தின் அடியில் மூன்று தொகைப் பத்திகளுக்கும் கூட்டுத்தொகை அச்சாகியிருக்கிறது. ரிப்பன் மை மங்கிய பக்கங்களில் 8 என்ற எண்ணின் இடப்புறப் புள்ளிகள் உதிர்ந்து, அது 3 போலவே நிற்கிறது. கண்ணுக்கே மயக்கம் வரும்போது மென்பொருளைக் குறை சொல்ல முடியவில்லை.

17-ஆம் பக்கத்தில் சேமிப்புப் பத்திக்கு அச்சிட்ட கூட்டுத்தொகை 4,87,265. மாற்றிய எண்களைக் கூட்டினால் 4,82,265 வந்தது. சரியாக 5,000 குறைவு என்பதால், எங்கோ ஆயிரம் இடத்தில் இருந்த 8 தான் 3 ஆகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆயிரம் இடத்தில் 3 வரும் வரிகள் ஐந்து இருந்தன. அவற்றுள் 9-ஆம் வரியின் 3,200 மிகவும் மங்கலாகத் தெரிந்ததால் அதை 8,200 என்று திருத்தினேன்; கூட்டல் நேரானது; அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வரிக்கு வரி குறுக்காகவும் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. 9-ஆம் வரியில் பங்கு 500, அச்சிட்ட மொத்தம் 3,700. என் திருத்தத்தின்படி 8,700 வந்தது. 23-ஆம் வரியிலோ பங்கு 1,000, சேமிப்பு 13,450, ஆனால் அச்சிட்ட மொத்தம் 19,450. உண்மையில் அங்கே இருந்தது 18,450. அதாவது ஓர் உறுப்பினரின் 5,000 ரூபாயை எடுத்து இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதன்பின் அதுவரை முடித்த பக்கங்கள் அனைத்தையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். இப்படிப்பட்ட வேலையில் மற்றவர்கள் பிழையை எவ்வாறு தேடினார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஜெயசீலன்

நான் இருபது ஆண்டுகள் கணக்கராக இருந்தவன். கூட்டல் நேராகாவிட்டால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9 வரும். இந்த ஒரு வழியிலேயே பாதிப் பிழைகள் அகப்பட்டுவிடும்.

இராமலிங்கம்

ஜெயசீலன் ஐயா சொல்வது கையால் எழுதும், தட்டச்சு செய்யும் பிழைகளுக்கு மிகவும் சரியானது. ஓ.சி.ஆர். பெரும்பாலும் இலக்கங்களை இடம் மாற்றுவதில்லை. இருக்கும் இடத்திலேயே ஒன்றை மற்றொன்றாகப் படிக்கிறது, அல்லது ஓர் இலக்கத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் அவருடைய ஒன்பது இங்கே வேறு காரணத்துக்காகப் பயன்படுகிறது. கடைசிச் சுழியம் விடுபட்டு 4,500 என்பது 450 ஆனால், குறைவு 4,050. அதை 9-ஆல் வகுத்தால் 450 வருகிறது, பத்தியில் 450 எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும். பைசாவுக்கு முன்னுள்ள புள்ளி மறைந்து 125.50 என்பது 12550 ஆனால், கூடுதல் 12,424.50; அதை 99-ஆல் வகுத்தால் 125.50 கிடைக்கும். வட்டிப் பத்திகளில் இந்தப் பிழையை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

இலக்கம் மாறிய பிழைக்கு வித்தியாசத்தின் முதல் இலக்கமே அடையாளம். 8-க்கும் 3-க்கும் இடையே 5. 4-க்கும் 9-க்கும் இடையேயும் 5 என்பதால், செல்வநாயகி அம்மா 3 வரும் வரிகளோடு 4 வரும் வரிகளையும் பார்த்திருக்க வேண்டும். 1 என்பதை 7 என்று படித்தால் 6 கூடும்; 6 என்பதை 8 என்று படித்தால் 2 கூடும். பின்னால் நிற்கும் சுழியங்கள் எந்த இடம் என்பதைச் சொல்லிவிடும். இரண்டு பிழைகள் சேர்ந்தால்தான் குழப்பம். ஒரு முறை எனக்கு 4,400 குறைவாக வந்தது. ஆயிரம் இடத்திலும் நூறு இடத்திலும் 4 வித்தியாசம் வரும்படி எந்த ஜோடியும் பொருந்தவில்லை. பிறகுதான் 5,000 குறைவும் 600 கூடுதலும் ஒரே பத்தியில் கலந்திருப்பது புரிந்தது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னால் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது என் வழக்கம். `1,2O5` என்று சுழியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து விழுந்துவிட்டால், எக்செல் அந்தக் கட்டத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டலில் சேர்க்காமல் சத்தமின்றி விட்டுவிடும். 1,205 முழுவதும் குறையும். உங்கள் பக்கத்துக்கு ஏற்ப, பங்கு C, சேமிப்பு D, மொத்தம் E என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்:

```
=COUNT(D5:D44)
=ROUND(SUM(D5:D44)-D46,2)
=ROUND(C5+D5-E5,2)
```

முதலாவது 40 என்று வர வேண்டும். வராவிட்டால் மற்ற இரண்டையும் பார்ப்பதற்கே பொருளில்லை. மூன்றாவதை 40 வரிகளுக்கும் இழுத்துவிடுங்கள். சேமிப்புப் பத்தியும் 23-ஆம் வரியும் ஒரே 5,000-ஐக் காட்டினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தைத் தவிர வேறெங்கும் போக வேண்டியதில்லை. D46 என்பது அச்சிட்ட கூட்டுத்தொகை. அதை மட்டும் ஓ.சி.ஆர். தந்ததிலிருந்து எடுக்காதீர்கள், காகிதத்தைப் பார்த்துக் கையால் இடுங்கள், இயன்றால் வேறொருவர் இடட்டும். சாட்சியையும் அதே மங்கிய கண்ணால் படித்தால் அது சாட்சியாகாது.

கோமதி

எனக்கும் இதே சிக்கல்தான். ஓர் ஆண்டறிக்கையில் எல்லாத் தொகைகளும் இலட்சத்தில் கொடுக்கப்பட்டுள்ளன. பத்தியைக் கூட்டினால் அச்சிட்ட மொத்தத்தைவிட எப்போதும் 1 அல்லது 2 கூடவோ குறையவோ வருகிறது. மூன்று முறை ஸ்கேன் செய்துவிட்டேன். எந்த இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இராமலிங்கம்

அம்மா, உங்களுடையது வேறு விஷயம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தொகையையும் இலட்சத்துக்கு முழுமையாக்கி அச்சிட்டு, மொத்தத்தை மட்டும் மூலத் தொகைகளிலிருந்து கூட்டி முழுமையாக்கினால், கடைசி இலக்கத்தில் இப்படித்தான் பிசகும். அறிக்கையின் அடிக்குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆனால் அந்த 1-க்குள் 5 என்பதை 6 என்று படித்த பிழை ஒளிந்திருக்கவும் கூடும் என்பதால், அத்தகைய அட்டவணைகளில் கடைசி இலக்கத்தைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

ஃபாத்திமா

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வங்கிக் கணக்கு அறிக்கைகளை மாற்றும் வேலை செய்கிறேன். எங்களுக்கு அடியில் உள்ள மொத்தத்தைவிட ஒவ்வொரு வரியிலும் உள்ள இருப்புதான் உதவுகிறது. முந்தைய வரியின் இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். பற்றிலோ வரவிலோ தவறு இருந்தால் ஒரே ஒரு வரி மட்டும் இடிக்கும். இருப்பையே தவறாகப் படித்திருந்தால், அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே தொகைக்கு இடிக்கும்; ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும். இந்த வேறுபாடு தெரிந்த பிறகு எந்தப் பத்தியில் திருத்த வேண்டும் என்று நான் தடுமாறியதில்லை. ஆனால் பக்கம் மாறும் இடத்தில் வரும் ‘முன்பக்க இருப்பு’ என்ற வரியை நீக்க மறந்தால், எல்லாம் தடம் புரண்டதுபோல் தோன்றும். செல்வநாயகி அக்காவின் பேரேட்டிலும் பக்கத்தின் தலையில் முன்பக்கத் தொகை இருக்கிறதா? அது பத்தியோடு சேர்ந்து கூட்டப்பட்டால், வித்தியாசம் அப்படியே முந்தைய பக்கத்தின் மொத்தமாக வந்து நிற்கும்.

அருள்

எல்லோரும் ஓ.சி.ஆர். படிக்கும்போது நேரும் பிழையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்கேன் செய்த படத்திலேயே எண் மாறியிருந்தால் என்ன செய்வீர்கள்? 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினியியலாளர் டேவிட் கிரீசெல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுக்கும் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் காட்டினார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளுக்கு வெவ்வேறு பரப்பளவுகள் இருக்க, ஸ்கேனில் மூன்றுமே 14.13 என்று வந்தன. கோப்பைச் சிறிதாக்கும் ஜேபிக்2 முறை, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் எழுத்துத் துண்டுகளை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு பல இடங்களில் ஒட்டியதுதான் காரணம். 6 இருந்த இடத்தில் மங்கலே இல்லாத, மிகத் தெளிவான 8 நின்றது. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிபார்ப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது. அச்சிட்ட கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால்தான் அகப்படும். அந்நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. என்றாலும் நான் இன்றுவரை கணக்கேடுகளைச் சாம்பல் நிறப் படமாக, இழப்பில்லாத கோப்பாகவே ஸ்கேன் செய்கிறேன், மூலக் காகிதத்தை வேலை முடியும்வரை திருப்பிக் கொடுப்பதில்லை.

செல்வநாயகி

எல்லோருக்கும் நன்றி. ஃபாத்திமா சொன்ன முன்பக்கத் தொகை எங்கள் பேரேட்டில் இல்லை. இராமலிங்கம் ஐயா சொன்னபடி எண்ணிக்கையை முதலில் பார்த்ததில், ஏழு பக்கங்களில் 40-க்குப் பதில் 39 வந்தது. அவற்றுள் ஐந்தில் எழுத்து கலந்த எண், இரண்டில் ஸ்டேப்ளர் துளை விழுந்த கட்டம் காலியாக வந்திருந்தது. அருள் தம்பி எழுதியதைப் படித்தபின், திருத்தும் ஒவ்வோர் எண்ணையும் திரையில் அல்லாமல் காகிதத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தே பார்க்கிறேன்.

இப்போது 88-ஆம் பக்கம் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. சேமிப்புப் பத்தி 100 ரூபாய் கூடுதலாக வருகிறது. காகிதத்தில் பார்த்தால், 31-ஆம் வரியில் அச்சான 2,150 பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே 2,250 என்று எழுதிச் சுருக்கொப்பம் இடப்பட்டுள்ளது. அந்த வரியின் மொத்தமும் பேனாவால் திருத்தப்பட்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் யாரும் தொடவில்லை. ஆகவே குறுக்குக் கூட்டல் நேராக இருக்கிறது, பத்திக் கூட்டல் இடிக்கிறது.

ஜெயசீலன்

சுருக்கொப்பம் இருந்தால் 2,250 தான் கணக்கு. கூட்டுத்தொகையைத் திருத்தி எழுதிவிடுங்கள்.

இராமலிங்கம்

கூட்டுத்தொகையைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. D46-இல் காகிதத்தில் இருப்பதே இருக்கட்டும், 100 வித்தியாசமும் அப்படியே தெரியட்டும், பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். பேனாத் திருத்தம் எப்போது இடப்பட்டது என்று தெரியாமல், சங்கத்தின் ஆண்டிறுதித் தொகையில் அந்த 100 சேர்ந்ததா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாது.

செல்வநாயகி

குறிப்போடு விட்டிருக்கிறேன். அந்த ஆண்டின் ரசீதுக் கட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருப்பதாகச் செயலர் சொன்னார். 31-ஆம் வரி உறுப்பினரின் ரசீதைத் திங்கட்கிழமை தேடிப் பார்க்கப் போகிறேன்.