மல்லிகைக் கணக்கை மின்னஞ்சலில் எப்படிச் சொல்வது?

பூக்கணக்கர், மாட்டுத்தாவணி: மல்லிகையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். டிசம்பர் கணக்கை 14 வரி அட்டவணையாக முதலாளிக்கு அனுப்பினேன். கொள்முதல் நவம்பரில் 3,000 கிலோ, டிசம்பரில் 1,800. "இவ்வளவு சரிந்துவிட்டதா?" என்று பதறுகிறார். கழிவு 150 கிலோவிலிருந்து 144 ஆகக் குறைந்ததை அவர் கவனிக்கவே இல்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

மேலமாசி: அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வரைபடம் போதும்.

வைகைக்கரை: வரைபடம் போட்டிருந்தால் இன்னும் பதறியிருப்பார். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைவது மதுரையில் யாருக்குத் தெரியாது? நவம்பரோடு ஒப்பிட்டதே தவறு. போன டிசம்பரில் எவ்வளவு, தம்பி?

பூக்கணக்கர்: 1,900 கிலோ. கழிவு 95.

வைகைக்கரை: அப்படியென்றால் கொள்முதலில் பெரிய செய்தி எதுவும் இல்லை. கழிவில்தான் இருக்கிறது, அதைப் போய் நல்ல செய்தி என்று நினைத்துவிட்டீர்கள். போன டிசம்பரிலும் இந்த நவம்பரிலும் நூறு கிலோவுக்கு 5 கிலோ வீணாயிற்று. இப்போது 8 கிலோ. வாங்கியது குறைந்ததால் கழிவும் குறைந்ததுபோல் தெரிகிறது.

உசிலம்பட்டி ஆசிரியை: எக்செல்லில் கட்டங்களைச் சற்று அகலமாக்கினால் சரியாகிவிடுமே? நான் வருகைக் கணக்கு அனுப்பியபோது தலைமையாசிரியரின் கைபேசியில் எல்லா எண்களும் இடம் மாறி நின்றன.

வைகைக்கரை: அவர் கேட்டது வேறு, அம்மா. ஆனாலும் கைபேசியில் படிப்பவருக்கு அட்டவணையைவிட மூன்று வரி மேல்.

மேலமாசி: 5 எங்கே, 8 எங்கே! "கழிவு 60 சதவீதம் உயர்வு" என்று தலைப்பிலேயே போடுங்கள்.

வைகைக்கரை: கணக்கு சரிதான். ஆனால் நூறு கிலோவில் அறுபது கிலோ அழுகிவிட்டது என்று அவர் படித்துக்கொண்டால்? "நூறு கிலோவுக்கு 5 கிலோ, இப்போது 8 கிலோ" என்றால் குழப்பமே வராது. இன்னொன்று, ஒரு மாதம் ஏறியதை வைத்துப் போக்கு என்று சொல்ல முடியாது. வாரவாரியாகக் கணக்கு இருக்கிறதா?

பூக்கணக்கர்: வாரத்துக்கு ஏறக்குறைய 450 கிலோ வாங்கினோம். நூறு கிலோவுக்குக் கழிவு 5, 7, 9, 11.

வைகைக்கரை: ஐயோ, இதையா அட்டவணைக்குள் புதைத்தீர்கள்! மாத சராசரி 8 என்பதே இதை மூடிவிடுகிறது. இப்படி எழுதுங்கள்:

"கொள்முதல் 1,800 கிலோ, போன டிசம்பரைவிட 100 கிலோதான் குறைவு, வழக்கமான பனிக்காலச் சரிவு. கவலை கழிவில் இருக்கிறது: நூறு கிலோவுக்கு வாரவாரியாக 5, 7, 9, 11 கிலோ. போன டிசம்பர் முழுவதற்கும் சராசரி 5. முழு அட்டவணை இணைப்பில்."

மேலமாசி: காரணம் எங்கே? அதைச் சொல்லாத மின்னஞ்சலை எந்த முதலாளி ஏற்பார்?

பூக்கணக்கர்: இரண்டாம் வாரத்தில்தான் தெர்மாகோல் பெட்டிகளை வேறு கடையில் வாங்கத் தொடங்கினோம்.

மேலமாசி: பிறகென்ன! பெட்டிதான் காரணம் என்று எழுதிவிடுங்கள்.

வைகைக்கரை: பெட்டி வாங்கும் கடை ஒரே நாளில் மாறியது. கழிவு ஏன் வாரத்துக்கு வாரம் ஏற வேண்டும்? பழைய பெட்டிகள் மெல்லத் தீர்ந்தனவா, பனியில் நனைந்த பூவை அப்படியே அடைத்தார்களா? "சந்தேகம்" என்று மட்டும் எழுதுங்கள்.

மேலமாசி: சந்தேகத்தை எழுதினால் கணக்கருக்கே ஒன்றும் தெரியவில்லை என்பார்.

பூக்கணக்கர்: கிடங்கில் பழைய பெட்டிகள் எத்தனை மீதமிருந்தன என்று பார்த்துவிட்டு வருகிறேன்.