விபத்து வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பது? வியாழக்கிழமை கடைசி நாள்

புதுசா வந்தவன்:
வணக்கம். வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்துவிட்டது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். தமிழில் இரண்டு பக்கம் எழுதி மொழிபெயர்க்கக் கொடுத்தேன், வந்துவிட்டது. அதில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. போன் செயலியில் போட்டுத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தேன், கிட்டத்தட்ட நான் எழுதியதே வந்தது. நம்பிக் கையெழுத்துப் போடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

குளிர்தேசத்தான்:
தம்பி, முதலில் அந்த வேலையை விடு. நான் வந்த புதிதில் கையுறைகூடக் கொடுக்காமல் கிடங்கில் பெட்டி தூக்க வைத்தார்கள். கேட்க ஆள் இல்லை. இரவில் அறைக்கு வந்தால் பேச நாதி இல்லை. இப்போது வருகிறவர்களுக்கு எல்லாமே போனில் இருக்கிறது. நல்ல வக்கீலைப் பார்.

மூன்றாம் மாடி:
மொழிபெயர்ப்பாளர் சீல் வைத்திருக்கிறாரா? இருந்தால் கவலையே வேண்டாம். தப்பு இருந்தால் அது அவர் பொறுப்பு.

வரிக்குவரி:
சீல் வைத்த தாளிலும் கையெழுத்து உங்களுடையதுதான், மூன்றாம் மாடி. விபத்து எப்படி நடந்தது என்று நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது இவர்.

தம்பி, மூன்று விவரம் வேண்டும். எந்த மொழிக்கு மாற்றினார்கள்? மாற்றியவர் உங்களிடம் ஏதாவது சந்தேகம் கேட்டாரா? யார் என்ன செய்தார் என்று வரும் இடத்தில் நீங்கள் எழுதிய தமிழ் வாக்கியங்களைப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள்.

புதுசா வந்தவன்:
ஜெர்மன். சீல் இருக்கிறது. அவர் எதுவும் கேட்கவில்லை அண்ணா, மறுநாளே அனுப்பிவிட்டார். முக்கியமான இடம் இது: "காலையில் மேற்பார்வையாளரிடம் போனேன். ஏணி ஆடுகிறது என்று முன்பே சொல்லியும் சரி செய்யவில்லை. அண்ணனும் கூட இருந்தார். பிறகு மேலே ஏறினேன்."

வரிக்குவரி:
இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். யார் சரி செய்யவில்லை?

புதுசா வந்தவன்:
மேற்பார்வையாளர்தான். நான் எப்படிச் சரி செய்வேன்?

வரிக்குவரி:
உங்களுக்குத் தெரியும், வாக்கியத்தில் இல்லை. "செய்தேன்", "செய்தார்" என்றால் வினையே ஆளைக் காட்டிவிடும். "செய்யவில்லை" காட்டாது. நான், அவர், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம். ஜெர்மனில் எழுவாய் இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுத முடியாது, எனவே மொழிபெயர்ப்பாளர் யாரையோ போட்டிருப்பார். முன்னும் பின்னும் "போனேன்", "ஏறினேன்" என்று நீங்களே வருவதால் "நான் சரி செய்யவில்லை" என்று போட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் ஏணி பழுது என்று தெரிந்தும் அதைச் சரி செய்யாமல் ஏறினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

செயலி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? திரும்பத் தமிழுக்கு வரும்போது எழுவாய் மறுபடியும் உதிர்ந்துவிடும். "முன்பே சொல்லியும் சரி செய்யவில்லை" என்று நீங்கள் எழுதியதே வந்து நிற்கும். போகும்போது நுழைந்த தவறு வரும்போது மறைந்துவிட்டது. "அவர்" என்பதும் இப்படித்தான். மேற்பார்வையாளர் பெண்ணாக இருந்து ஜெர்மனில் ஆணாக மாறியிருந்தாலும் தமிழில் "அவர்" என்றே திரும்பும்.

ஆய்வு மாணவி:
அதனால் திருப்பி மொழிபெயர்ப்பதே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். கேள்வித்தாள்களைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோகும் ஆய்வுகளில் இது பழைய வழக்கம், பிரிஸ்லின் 1970இலேயே இதை முறையாக விளக்கி எழுதியிருக்கிறார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தாலே போதும்.

வரிக்குவரி:
மூலத்தைப் பார்க்காதவர் என்பது சரி. "போதும்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கெட்டிக்காரர் திருப்பி எழுதினால் பிழையான இடத்தைத் தன்னறியாமல் ஒழுங்காக்கிவிடுவார். சொல்லுக்குச் சொல் மாற்றிய விறைப்பான ஜெர்மன், படிப்பவருக்குத் தலைகால் புரியாமல் இருந்தாலும், திரும்பி வரும்போது அட்டகாசமாகப் பொருந்தும். மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கான ISO 17100 தரம் 2015இல் வந்தது. அது கேட்பது, மொழிபெயர்க்காத இரண்டாம் ஆள் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதைத்தான். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இரண்டாம் வாசிப்பையே எடுப்பேன்.

ஆய்வு மாணவி:
இவருக்குத் தமிழும் ஜெர்மனும் நன்றாகத் தெரிந்த இரண்டாம் ஆள் இரண்டே நாளில் எங்கே கிடைப்பார்? நடக்கிற யோசனை சொல்லுங்கள்.

குளிர்தேசத்தான்:
அதைச் சொல்லுங்கள்! "எனக்கு மொழி தண்ணீர் பட்ட பாடு" என்பார்கள். தாளை நீட்டினால் "மேலோட்டமாப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று நழுவிவிடுவார்கள்.

மூன்றாம் மாடி:
அதுவும் ஓசியில் கேட்டால் மாதக் கணக்காகும். அலுவலகங்களோ நாளை நகர்த்தவே மாட்டார்கள்.

வரிக்குவரி:
புலம்பலுக்கு அப்புறம் நேரம் இருக்கிறது. தம்பி, இரண்டு நாளில் முடிகிற மாதிரி சொல்கிறேன்.

முதலில் உங்கள் தமிழைத் திருத்துங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளைப் போடுங்கள்: "ஏணி ஆடுகிறது என்று நான் மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லியும், அவர் அதைச் சரி செய்யவில்லை." படிக்க அழகாக இருக்காது, பரவாயில்லை. திருத்திய வாக்கியங்களை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி, ஜெர்மனில் யார் என்று இருக்கிறது என்று கேட்டு, தேவையானால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சீல் வைத்த தாளில் நீங்கள் பேனாவால் அடித்துத் திருத்தக் கூடாது. திருத்தி மறுபடி சீல் வைக்க வேண்டியது அவர்.

அடுத்து, உங்கள் கதையைக் கேட்டிராத ஒருவரிடம் ஜெர்மனை மட்டும் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நல்ல தமிழ் வேண்டாம். ஒவ்வொரு வினைக்கும் யார், எப்போது என்று போட வேண்டும், புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுத வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து யார், எப்போது, இல்லை, எத்தனை, பெயர் எழுத்து ஆகியவற்றை மட்டும் பாருங்கள். சொல் மாறியிருப்பதெல்லாம் தவறில்லை. வேறுபாடு திருப்பி எழுதியவரின் சறுக்கலாகவும் இருக்கலாம், அதனால் மொழிபெயர்ப்பாளரிடம் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்.

கடைசியாக, தமிழ் தெரியாத ஜெர்மன்காரர் ஒருவர் போதும். ஜெர்மன் தாளை மட்டும் படித்துவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: ஏணி ஆடுகிறது என்று யார் யாரிடம் சொன்னது? அதைச் சரி செய்யாமல் விட்டது யார்? நீங்கள் ஏறியபோது உடன் இருந்தது யார்? பதில் நடந்ததோடு ஒத்துவர வேண்டும்.

புதுசா வந்தவன்:
கூட வேலை செய்கிற ஜெர்மன்காரர் ஒருவர் மதியம் படித்தார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "நீதான்." மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிவிட்டேன், மாற்றித் தருகிறேன் என்றார். தமிழில் திருப்பி எழுத ஓர் அக்கா கிடைத்திருக்கிறார், நாளை தருவதாகச் சொல்கிறார்.

இன்னொன்று. மூன்றாவது கேள்விக்கு "உன் சகோதரர்" என்றார். அவர் பெரியப்பா மகன். இதையும் மாற்றச் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் மாடி:
அதை விடு. நமக்கு அண்ணன் அண்ணன்தான்.

வரிக்குவரி:
விடாதீர்கள். அவர் சாட்சி. அவருடைய தாள்களில் தந்தை பெயர் வேறாக இருக்கும், சகோதரர் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். தமிழில் "பெரியப்பா மகன்" என்று மாற்றி அதே திருத்தத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

ஆய்வு மாணவி:
முன்பே கொடுத்த விபத்துப் படிவம் ஏதாவது இருக்கிறதா? அதில் "சகோதரர்" என்று எழுதியிருந்தால் இப்போது மாற்றுவதே முரணாகத் தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

புதுசா வந்தவன்:
இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேறு யாரோ நிரப்பிக் கொடுத்தார்கள். நகலை நாளைக் காலையில் கேட்டு வாங்குகிறேன்.