போன் வீட்டில், வாட்ச் கையில்: பஸ்ஸில் இரண்டு முறை காசு போன கதை

ஈசூன்வாசி
போன ஞாயிறு போனை சார்ஜரிலேயே விட்டுவிட்டு, கையில்தான் ஆப்பிள் வாட்ச் இருக்கிறதே என்று தேக்காவுக்கு பஸ் ஏறிவிட்டேன். ஏறும்போது பக்கத்துப் பட்டனை இரண்டு தட்டு, ஒரு பீப், பிரச்சினையே இல்லை. நடுவழியில் வாருக்கு அடியில் வேர்த்து அரித்தது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். இறங்கும்போதும் தட்ட வேண்டுமே, பார்த்தால் வாட்ச் பூட்டைத் திறக்க பாஸ்கோடு கேட்கிறது. நான்கு இலக்கம். எந்த நான்கு? பின்னால் மீன் பையோடு ஒரு பாட்டி, "தம்பி, இறங்குறியா இல்லையா?" என்கிறார். பையிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டுகிறது. வாட்சில் சேர்த்திருந்த அதே வங்கிக் கார்டு பர்ஸில் இருந்தது, அதைத் தட்டிவிட்டு இறங்கினேன். பிறகு கணக்கில் அந்த ஒரு பயணத்துக்கு இரண்டு கட்டணம். ஒரே கார்டுதானே, எப்படி?

ராஜா_பிடோக்
போன் பக்கத்தில் இல்லையென்றால் வாட்ச் வேலை செய்யாது அண்ணே. காசு விவரம் புளூடூத் வழியாகப் போனிலிருந்துதான் வரும்.

மெஷின்காரன்
கடைகளில் கார்டு மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. ராஜா, ஏறும்போதும் போன் ஈசூன் வீட்டில்தான் இருந்தது. அப்போது மட்டும் எப்படி பீப் வந்தது?

கார்டை வாட்சில் சேர்க்கும்போதே வங்கி அந்த வாட்சுக்கென்று வேறொரு எண் கொடுத்துவிடும். எண்ணும் அதன் சாவியும் வாட்சுக்குள் இருக்கும் சிப்பில் உட்கார்ந்துவிடும். தட்டும்போது அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் குறியீட்டை சிப்பே போட்டுக் கொடுக்கும். வங்கியைக் கேட்பது எதிரே இருக்கும் மெஷின் பக்கத்து வேலை, வாட்சுக்கு இன்டர்நெட்கூட வேண்டாம்.

இரண்டு கட்டணத்துக்கும் இதுதான் காரணம். வாட்ச் எண் ஏறியது, இறங்கவில்லை. பிளாஸ்டிக் கார்டு எண் திடீரென்று எங்கிருந்தோ வந்தது. பஸ்ஸைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு ஆள். இறங்காத ஆளுக்குக் கடைசி நிறுத்தம் வரை காசு. சந்தேகம் இருந்தால் வாட்சால் கட்டிய கடை ரசீதைப் பாருங்கள், கடைசி நான்கு எண் கார்டில் இருப்பதாக இருக்காது. போனில் வாட்ச் ஆப்பைத் திறந்து அந்தக் கார்டுக்குள் போனால் Device Account Number என்று இருக்கும், அதோடு ஒத்துப்போகும்.

ராஜா_பிடோக்
சரி, ஆனால் என் வாட்சை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் கோடு கேட்பதே இல்லை. வீட்டில் போனை மறந்தால் மட்டும் கேட்கும். அப்புறம் போனுக்குச் சம்பந்தம் இல்லை என்றால் எப்படி?

மெஷின்காரன்
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. மணிக்கட்டை விட்டு எடுத்ததும் வாட்ச் பூட்டிக்கொள்ளும். திரும்ப மாட்டியபின் பக்கத்தில் இருக்கும் போனைத் திறந்தால் வாட்சும் தானே திறந்துகொள்ளும்படி ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டுவைத்தவர்கள் மாசக்கணக்கில் கோடு அடிப்பதே இல்லை. கட்டணத்துக்குப் போன் தேவையில்லை, பூட்டைத் திறக்கத்தான் கைகொடுக்கிறது. ஈசூன்வாசிக்கு அன்று கோடு மறந்ததன் கதையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடலோர_ஓட்டம்
என் கார்மின் வாட்சில் கழற்றாவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்கும். ஈஸ்ட் கோஸ்ட்டில் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு இளநீர்க் கடையில் வியர்வைக் கையோடு கோடு அடித்துப் பாருங்கள், தெரியும்.

மோதிரக்காரி
இந்தத் தொல்லைக்காகவே தட்டிக் காசு கட்டும் மோதிரம் வாங்கினேன். பேட்டரியே கிடையாது, மெஷினிலிருந்து வரும் அலையிலேயே உயிர் வரும். கோடும் இல்லை, விரலை மடக்கி ஒட்டினாற்போல் வைத்தால் போதும். ஆனால் போன மாதம் அம்மாவுக்குப் புடவை 240 வெள்ளி. மோதிரத்தை வைத்தால் மெஷின் கார்டைச் செருகச் சொல்கிறது! மோதிரத்தை எங்கே செருக? கடை அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மெஷின்காரன்
200 வெள்ளி தாண்டினால் நீங்கள்தான் தட்டுகிறீர்கள் என்பதற்கு மெஷினுக்கு அத்தாட்சி வேண்டும். வாட்ச் கோடு வாங்கி வைத்திருப்பதால் அதையே அத்தாட்சியாகச் சொல்லிவிடும். மோதிரம் எதையும் கேட்காது, அதனால் சொல்லவும் ஒன்றும் இல்லை.

செல்வி_தோபாயோ
எனக்கு வாட்ச் கோப்பிக் கடையில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கியூஆர் அட்டை முன்னால் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தாத்தா_65
செல்வி, அட்டையை வாட்ச் எப்படிம்மா படிக்கும், கேமரா ஏது? எல்லோருக்கும் சொல்கிறேன், பத்து வெள்ளித் தாள் ஒன்றை மடித்து பர்ஸில் வையுங்கள். மோதிரக்காரி, நீங்கள் தொலைத்தால் எடுத்தவன் 200 வெள்ளிக்குள் தட்டிக்கொண்டே போகலாம், அதற்குக் கோடு இல்லை. வங்கியைக் கூப்பிடும் போன் நம்பரை இன்னொருவர் போனிலும் எழுதிவையுங்கள். நிறுத்தச் சொல்லும்போது மோதிரத்தின் எண்ணைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும், பிளாஸ்டிக் கார்டு அப்படியே இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வங்கிக் கணக்கையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், என் மருமகன் கேட்கவே மாட்டான்.

மோதிரக்காரி
தாத்தா, தொலைக்கவில்லை. விரலிலிருந்து கழற்றவே வரவில்லை, அதுதான் இப்போது பிரச்சினை.

ஈசூன்வாசி
கோடு கிடைத்துவிட்டது, மகள் பிறந்த வருடம். கட்டணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இரண்டு பயணத்தையும் சேர்த்து ஒன்றாகப் பார்ப்பார்களா, தெரியவில்லை. யாருக்காவது கிடைத்ததா?