புதுப்பிப்பு: கணக்கு அறிக்கையில் முளைத்த 340

என் கல்லூரிக் கட்டணக் கணக்கு அறிக்கை பற்றி போன வாரம் நான் இங்கே கேட்டது: "எல்லாம் கட்டிவிட்டேன், அறிக்கையில் இன்னும் 340 பாக்கி காட்டுகிறது. எந்த வரி தவறு?"

பாதி தீர்ந்தது. கணக்கு வேலை பார்க்கும் அண்ணன் சொன்னபடி, கடைசித் தொகையை மறந்துவிட்டு, ஒவ்வொரு பற்றையும் அதற்குரிய வரவோடு பென்சிலால் கோடு போட்டு இணைத்தேன். நான் கைவிட்ட வேதியியல் பாடத்தின் கல்விக் கட்டணம் வரவாகத் திரும்பியிருந்தது. அதன் ஆய்வகக் கட்டணம் 300 மட்டும் ஜோடியில்லாமல் நின்றது. அது தனி வரி. பாடம் போனபோது கூடவே போகவில்லை. மீதி 40, அந்த 300ஐக் கட்டாததற்கான தாமதக் கட்டணம்!

"தீரும் வரை எதையும் கட்டாதே" என்று அதற்குப் பதில் எழுதியவர் சொன்னது பாதிதான் சரி. விடுதித் தவணையையும் நிறுத்தியிருந்தால் அதற்கும் தாமதக் கட்டணம் ஏறியிருக்கும். உதவித்தொகை தாமதம் பற்றி எழுதிய தங்கைக்கு: என் அறிக்கையில் உதவித்தொகையே இல்லை, உங்களுடையது வேறு கதை.

கணக்கு அலுவலகம் முதலில், "கெடு தாண்டிப் பாடத்தை நீக்கியிருக்கிறீர்கள்" என்றது. அவர்கள் பார்த்தது வரவு பதிவான தேதி. நான் நீக்கியது அதற்கு ஆறு நாள் முன்பு, கெடுவுக்குள். நீக்கியதற்கான உறுதி மின்னஞ்சலையும் அந்த வரியின் பரிவர்த்தனை எண்ணையும் அனுப்பியதும் 300 போய்விட்டது.

அந்த 40 மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். சரி, நேற்று கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் இல்லை.