பண்டிகை வாரத்துக்கு எல்லாரும் லீவு கேட்டப்போ: எங்க டீம்ல பிரிச்ச விதம்

நைட்ஷிப்ட் லீட்:
எங்க சப்போர்ட் டீம்ல 12 பேர். போன பண்டிகைக்கு 9 பேர் ஒரே வாரத்தைக் கேட்டாங்க. வாரம் முழுசும் சரியா, இல்லையான்னு பார்த்தா பாதிப் பேருக்கு மறுக்கணும். அதனால நாள் நாளாப் பிரிச்சேன். முந்தின நாள் குறைஞ்சது 6 பேர் வேணும். பண்டிகை அன்னைக்கு போன் கால் குறைவா வரும், 4 பேர் போதும். மறுநாள் குவியும், 7 பேர் வேணும். அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும், "விட்டுக்கொடுக்கவே முடியாத ரெண்டு நாள் எது?"ன்னு கேட்டேன். 5 பேர் முந்தின நாளும் பண்டிகையும், 3 பேர் பண்டிகையும் மறுநாளும், ஒருத்தர் வாரக் கடைசி. கணக்கு அப்படியே பொருந்திடுச்சு.

ஒரே சிக்கல், பில்லிங் தெரிஞ்ச ரெண்டு பேருமே அந்த 5 பேர்ல இருந்தாங்க. தலையை மட்டும் எண்ணியிருந்தா இது கண்ணுல பட்டிருக்காது. அந்த ரெண்டு பேர்ல முந்தின வருஷம் லீவு கிடைச்சவர் இந்தத் தடவை வேலைக்கு வந்தார், மறுநாள்லேருந்து லீவு எடுத்துக்கிட்டார்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு எதுக்கு? முதல்ல கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டா யாரும் வாய் திறக்க முடியாது.

ரோஸ்டர் அக்கா:
வெளிப்படையா இருக்குங்கிறது சரிதான் தம்பி. ஆனா காலைல லீவு விண்ணப்பம் திறக்கும்போது நைட் ஷிப்ட்காரங்க தூங்கிட்டிருப்பாங்க. எங்க இடத்துல வருஷா வருஷம் அதே ஆளுங்கதான் ஜெயிச்சாங்க. ஒரு வாரம் விண்ணப்பம் வாங்கி, அதுக்குள்ள வந்ததை எல்லாம் ஒரே நேரத்துல வந்ததா எடுத்துக்கிட்டோம். முடிவையும் டிக்கெட் முன்பதிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம். டிக்கெட் போட்ட பிறகு மறுத்தா, அந்த ஆள் அன்னைக்கு "காய்ச்சல்"தான்.

தனிக்கட்டை:
என் கதை வேற. எனக்குக் குழந்தை இல்லைங்கிறதால எப்பவும் நான்தான் விட்டுக்கொடுக்கணும். எனக்கும் வயசான அம்மா இருக்காங்க. காரணம் கேக்க ஆரம்பிச்சாலே அழத் தெரிஞ்சவங்களுக்குத்தான் லீவு.

ரோஸ்டர் அக்கா:
அதனாலதான் நாங்க காரணமே கேக்கறதில்லை. போன வருஷம் அந்த நாள்ல யார் வேலை பார்த்தாங்கன்னு ஒரு ஷீட், எல்லாரும் பாக்கலாம். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேர் மாத்திக்கிட்டா மாத்திக்கட்டும், ஆனா ஒரே வேலை தெரிஞ்சவங்களா இருக்கணும்.

புதுசு2:
அன்னைக்கு வேலை பார்த்தா இரட்டைச் சம்பளம் உண்டா?

நைட்ஷிப்ட் லீட்:
அது உங்க ஹெச்ஆர்கிட்ட கேக்க வேண்டியது, இங்க பேச்சு யாருக்கு லீவுங்கிறதுதான். அக்கா, ஒரு சந்தேகம். ரெண்டு மாசம் முன்னாடி சேர்ந்தவருக்கு போன வருஷக் கணக்கே இல்லையே. அவரை எங்க வைப்பீங்க?

ரோஸ்டர் அக்கா:
நாங்க கடைசியில வைக்கிறோம். "சேர்றப்பவே இந்த லீவைச் சொல்லித்தானே வந்தேன்"னு ஒருத்தர் ஆஃபர் மெயிலைக் காட்டினார், அவருக்குக் கொடுத்தோம். மத்தவங்க இன்னும் முணுமுணுக்கறாங்க.

கணக்குப்பிள்ளை:
சீட்டுக் குலுக்கிப் போடலாமே?