வென்ஃப்ளான் ஆடிட்: லேபிள் 45ல இருந்து 96 சதவீதம் ஆச்சு, ஆனா ஃப்ளெபைடிஸ் கூடிருச்சு, எங்க தப்பு பண்ணேன்?

மேல்வார்டு_சிஸ்டர்
ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஆண்கள் மெடிக்கல் வார்டு இன்சார்ஜ் நான். என்ஏபிஹெச் வருதுன்னு ஆளுக்கொரு ஆடிட் பண்ணச் சொன்னாங்க, நான் வென்ஃப்ளான் எடுத்துக்கிட்டேன். ஸ்டாண்டர்ட் ரெண்டுதான். வென்ஃப்ளான் போட்ட தேதியும் நேரமும் டிரெஸ்ஸிங் மேல எழுதியிருக்கணும், ஷிஃப்டுக்கு ஒரு தடவை விஐபி ஸ்கோர் சார்ட்ல ஏத்தணும். முதல் ரவுண்டுல 40 வென்ஃப்ளான் பாத்ததுல 18ல மட்டும் லேபிள் இருந்துச்சு. ஸ்டாஃப் எல்லாரையும் உக்கார வச்சு கிளாஸ் எடுத்தேன், டியூட்டி ரூம்ல போஸ்டர் ஒட்டினேன், நாலு நாள் கழிச்சு திரும்ப பாத்தேன், 25ல 24 லேபிள் இருக்கு. சந்தோஷமா ரிப்போர்ட் எழுதிக் கொண்டு போனா நர்சிங் சூப்பரண்ட் மேடம் ஒரே கேள்வி, லேபிள் இவ்வளவு ஏறியிருக்கு, ஃப்ளெபைடிஸ் மட்டும் எப்படி 40ல 3ல இருந்து 25ல 5 ஆச்சுன்னு. பதில் தெரியல, பேப்பரை வாங்கிட்டு வந்துட்டேன். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஐசியூ_ராஜா
சிஸ்டர் இதுல குழப்பமே இல்ல, 72 மணி நேரம் ஆனா மாத்தியே ஆகணும், அது உலகம் பூரா இருக்கிற ரூல், உங்க வார்டுல மாத்தாம விட்டிருப்பாங்க அதான் ஃப்ளெபைடிஸ். அப்புறம் 25 எல்லாம் ஒரு சாம்பிளா? ஃபார்முலா போட்டா எப்படியும் 300 மேல வரும்.

பழைய_ஆடிட்காரி
ராஜா தம்பி, பாதி சரி. ரொம்ப நாள் விட்டா தொந்தரவுன்றது உண்மைதான், ஆனா 72ல மாத்தியே ஆகணும்ன்றது உலகம் பூரா இருக்கிற ரூல் இல்ல. சிடிசி 2011 கைடுலைனே பெரியவங்களுக்கு 72ல இருந்து 96 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்றதை விட அடிக்கடி மாத்தத் தேவையில்லன்னுதான் சொல்லுது, பல இடத்துல கையைப் பாத்து தேவைப்பட்டா மாத்துறாங்க. உங்க ஆஸ்பத்திரி பாலிசில என்ன இருக்கோ அதை வச்சு அளக்கணும், அவ்வளவுதான். 300ம் வேண்டாம், அது ஆராய்ச்சிக்கு. ஒரு வார்டுல ஒரு பழக்கம் நடக்குதா இல்லையான்னு பாக்க 30, 40 போதும், எப்படி எடுத்தோம்ன்றதுதான் விஷயம்.

மேல்வார்டு சிஸ்டர், மூணு கேள்வி. முதல் ரவுண்டுல ஃப்ளெபைடிஸ் 3ன்னு எங்க இருந்து எடுத்தீங்க, சார்ட்ல இருந்தா இல்ல கையைப் பாத்தா? ரெண்டாவது ரவுண்டு எந்த ஷிஃப்ட்ல, சொல்லிட்டுப் போனீங்களா? லேபிள் இல்லாத அந்த 22ல எத்தனை கேஷுவாலிட்டில போட்டு வந்தது?

பிஜி_ரெசிடென்ட்22
இதுக்கு எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வாங்கிட்டீங்களா, பி வேல்யூ எவ்ளோ வந்துச்சு? என் தீசிஸ்லயும் இதே டாபிக்தான், ப்ரொஃபார்மா இருந்தா அனுப்புங்க அக்கா.

பழைய_ஆடிட்காரி
டாக்டர், அவங்க தீசிஸ் பண்ணல, தன்னோட வார்டைப் பாக்குறாங்க. ஆடிட்டுக்கு பொதுவா எத்திக்ஸ் கேக்க மாட்டாங்க, பேப்பரா போடுறதா இருந்தா மட்டும் முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.

மேல்வார்டு_சிஸ்டர்
அக்கா நீங்க கேட்டதும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆச்சு. முதல் தடவை ஃப்ளெபைடிஸ் சார்ட்ல இருந்துதான் எடுத்தேன், அப்ப பாதி சார்ட்ல ஸ்கோரே கிடையாது. ரெண்டாவது தடவை நானே ஒவ்வொரு கையா பாத்தேன், வலி, சிவப்பு, வீக்கம் இதுல ரெண்டு இருந்தா ஸ்கோர் 2ன்னு போட்டேன். ரெண்டாவது ரவுண்டு காலை ஷிஃப்ட் ஒண்ணுதான், முந்தின நாளே நாளைக்கு பாப்பேன்னு சொல்லிட்டேன். கேஷுவாலிட்டி கணக்கு எடுக்கவே இல்ல. ஐபி நம்பர் எழுதி வச்சிருக்கேன், கேஸ் ஷீட் எடுத்துப் பாக்கறேன்.

பழைய_ஆடிட்காரி
அப்ப ஃப்ளெபைடிஸ் ஏறிச்சா இல்லையான்னு உங்களால சொல்லவே முடியாது. முன்னாடி எழுதினதை எண்ணினீங்க, இப்ப இருக்கறதை எண்ணிருக்கீங்க. மேடம்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க, தப்பில்ல. கேஸ் ஷீட் பாக்கும்போது இன்னொண்ணும் பாருங்க, கேஷுவாலிட்டி நோட்ல வென்ஃப்ளான் போட்ட நேரமும் லேபிள்ல இருக்கற நேரமும் ஒத்துப்போகுதான்னு. எங்க இடத்துல ஒரு தடவை பத்து லேபிளும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, எல்லாத்துலயும் காலை 7.30. மைக்ரோபோர் ஓரம் கறுத்துப் போயி சுருண்டு கிடக்கு, மேல தேதி மட்டும் அன்னிக்கு தேதி.

குழந்தைவார்டு_மணி
எங்க வார்டுல லேபிளே நிக்காதுங்க, புள்ளைங்க பிச்சுப் போட்டுருதுங்க. நாங்க ஸ்ப்ளின்ட் மேல எழுத ஆரம்பிச்சோம், ஆனா ஸ்ப்ளின்ட் மாத்தும்போது தேதியும் போயிருது. இதுக்கு யாராவது வழி சொன்னா நல்லாருக்கும்.

மேல்வார்டு_சிஸ்டர்
ரெண்டு நைட் டியூட்டில உக்காந்து எடுத்தேன். முதல் ரவுண்டுல லேபிள் இல்லாத 22ல 16 கேஷுவாலிட்டில போட்டது, 6தான் எங்க வார்டு. யார் போட்டாங்கன்னு பாக்காம எங்க பொண்ணுங்களையே நிக்க வச்சு திட்டிருக்கேன், மனசு கஷ்டமா இருக்கு. ரெண்டாவது ரவுண்டு 24 லேபிள்ல 8 தப்பு தேதி, எட்டும் கேஷுவாலிட்டி கேஸ். 13ம் தேதி ராத்திரி 11க்கு அங்க போட்டிருக்காங்க, லேபிள்ல 14 காலை 8 மணி. கேட்டா ஒரு ஸ்டாஃப் அழுதுட்டே சொல்லுது, "தேதி இல்லன்னா நீங்க திட்டுவீங்க, எப்ப போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, வார்டுக்கு வந்த நேரத்தைப் போட்டோம் சிஸ்டர்"னு. பழைய 18லயும் பாத்தேன், 2 தப்பு.

பழைய_ஆடிட்காரி
அந்தப் பொண்ணு மேல கோவப்படாதீங்க, லேபிள் இருக்கான்னு கேட்டோம், லேபிள் கொடுத்துச்சு. தேதி இல்லாததை விட இது மோசம், ஏன்னா அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் புதுசுன்னு நம்பி விட்டுருவாங்க. அவசரத்துல சுத்தம் சரியா பாக்காம போட்ட லைனை 48 மணி நேரத்துக்குள்ள மாத்தச் சொல்றாங்க, தேதி தள்ளிப்போனா அந்தக் கணக்கே போச்சு.

சரியான தேதி இருக்கறதை மட்டும் எண்ணுங்க. முதல்ல 40ல 16, அதாவது 40 சதவீதம். இப்ப 25ல 16, 64 சதவீதம். ஸ்டாண்டர்டை மாத்தி எழுதுங்க, "லேபிள் தேதி போட்ட இடத்து நோட்டோட ஒத்துப்போகணும், தெரியலன்னா தெரியலன்னு எழுதி 24 மணி நேரத்துக்குள்ள புதுசு போடணும்"னு. அந்த 24 நீங்களும் டாக்டரும் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோலும் பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த ரவுண்டுக்கு ரெண்டு வாரத் தேதியும் மூணு ஷிஃப்டும் சீட்டு எழுதிக் குலுக்கி, ஆறு சீட்டு எடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. போற நேரத்துல வார்டுல இருக்கற எல்லா வென்ஃப்ளானும் பாருங்க, ஒரு வென்ஃப்ளானை ஒரு தடவைதான் எண்ணணும். ஃப்ளெபைடிஸுக்கு இந்தத் தடவை கையைப் பாத்த 25ல 5தான் ஆரம்பம்னு வச்சுக்கோங்க, அதையும் ஒரே காலை ஷிஃப்ட்னு ஓரமா குறிச்சு வைங்க.

ஐசியூ_ராஜா
கேஷுவாலிட்டிக்கு ஒரு மெமோ போட்டா முடிஞ்சுது.

பழைய_ஆடிட்காரி
மெமோ ஃபைலுக்குப் போகும் தம்பி. அங்க வென்ஃப்ளான் ட்ரேலயே லேபிள் ரோலும் பேனாவும் கட்டி வைக்கணும்.

மேல்வார்டு_சிஸ்டர்
கேஷுவாலிட்டி இன்சார்ஜ்கிட்ட போனேன். "ஆக்சிடென்ட் கேஸ் ரத்தம் ஓடுறப்ப தேதி எழுதிட்டு நிப்போமா"ன்னு கேட்டாங்க, அதுவும் நியாயம்தான். ஷிஃப்ட் பண்ணும்போது ஹேண்ட்ஓவர் ஷீட்ல போட்ட நேரம் எழுதித் தர ஒத்துக்கிட்டாங்க, லேபிளுக்கு இன்னும் பிடி கொடுக்கல. சூப்பரண்ட் மேடத்துக்கு 96ஐ அடிச்சிட்டு 64ன்னு திருத்திக் கொடுத்தேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு "அடுத்த ரவுண்டு எப்ப"ன்னாங்க. என்ஏபிஹெச் ஃபைல்ல எதை வைக்கறதுன்னுதான் தெரியல, குவாலிட்டி ஆபீஸ்ல 96 இருக்கட்டும்னு சொல்றாங்க.

பழைய_ஆடிட்காரி
ரெண்டையும் வைங்க, நடுவுல எட்டு ஐபி நம்பரையும்.